நகைக்கடன்: மூன்று பவுன் ஆரத்துக்கு எவ்வளவு கிடைக்கும், வீட்டுக் கணக்கில் எப்படி எழுதுவது?

முதன்முதலாக நகையை வைத்துப் பணம் வாங்கிய மாதம், என் வீட்டுக் கணக்கு நோட்டில் அதை 'வரவு' என்று எழுதிவிட்டேன். அந்த மாதம் கையில் நிறையப் பணம் மிஞ்சியதாகத் தெரிந்தது. நகையைத் திருப்பிய மாதமோ பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. இரண்டுமே உண்மை இல்லை. அந்தத் தவறு உங்களுக்கு வராமல் இருக்க, ஒரு மூன்று பவுன் கல் ஆரத்தை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

படி 1: நகையின் மதிப்பு

மூன்று பவுன் என்றால் 24 கிராம். ஆனால் மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார். நம் ஆரத்தில் 2 கிராம் கழிந்தது என்று வைப்போம். நிகர எடை 22 கிராம். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று வாங்கும்போது கொடுத்த எதற்கும் இங்கே மதிப்பு கிடையாது.

கிராம் விலையும் கடைப் பலகையில் பார்ப்பதாக இருக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். அதனால் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் மனதில் போட்ட கணக்கைவிடக் குறைவாகவே வரும். கணக்குக்காக 22 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால், ஆரத்தின் மதிப்பு 1,98,000.

எடை போடும்போது எதிரிலேயே இருங்கள். மொத்த எடை, கழிவு, நிகர எடை, காரட் நான்கும் எழுதிய சான்றைக் கேட்டு வாங்குங்கள். திருப்பும் நாளில் உங்களுக்கு அதுதான் ஆதாரம்.

படி 2: அதில் எவ்வளவு கையில் வரும்?

மதிப்பு முழுவதையும் தரமாட்டார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சொந்தச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் வரை என்றால் மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம். 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மீதி, விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் தாங்குவதற்கான இடைவெளி.

நம் ஆரத்துக்கு 85 சதவீதம் என்பது 1,68,300. சரி, அவ்வளவும் கிடைக்குமா? அசலையும் வட்டியையும் ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் கிடைக்காது. அப்போது கடைசியில் கட்டவேண்டிய மொத்தத் தொகைதான் அந்த வரம்புக்குள் இருக்கவேண்டும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 1,50,000 வாங்கினால், வருடக் கடைசியில் 1,68,000 ஆகிறது. ஆகவே கையில் வருவது சுமார் ஒன்றரை லட்சம்தான்.

படி 3: வட்டியைக் கேட்கும் விதம்

'நூற்றுக்கு ஒரு ரூபாய்' என்றால் மாதத்துக்கு ஒரு சதவீதம், வருடத்துக்கு 12. நம் கடனுக்கு மாதம் 1,500 ரூபாய். இரண்டு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள்: கட்டாத வட்டிக்கு வட்டி ஏறுமா, மாதாமாதம் கட்டாவிட்டால் விகிதமே உயருமா? சில இடங்களில் விளம்பரத்தில் சொல்லும் குறைந்த வட்டி, தவறாமல் கட்டுபவருக்கு மட்டும்தான்.

படி 4: நோட்டில் எழுதுவது

பணம் வந்த நாளில் இரண்டு இடத்தில் எழுதவேண்டும். 'கையிருப்பு' 1,50,000 கூடுகிறது. 'நகைக்கடன் பாக்கி' என்ற தனிப் பக்கத்திலும் அதே தொகை ஏறுகிறது. வரவுப் பக்கத்தில் ஒன்றும் வராது. ஆரம் இன்னும் உங்கள் சொத்துதான். 'பீரோவில்' என்பதை 'அடகில்' என்று மாற்றினால் போதும். மதிப்பீட்டுக் கட்டணம் வாங்கினால் அது செலவு.

அப்புறம், பணம் கட்டாவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் 1,500 ரூபாயை 'வட்டிச் செலவு' என்று எழுதி, 'வட்டி பாக்கி'யிலும் ஏற்றுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

ஆறு மாதத்தில் திருப்புகிறீர்கள் என்று வைப்போம். கொடுப்பது 1,59,000. கையிருப்பில் அவ்வளவும் குறையும்; கடன் பாக்கியில் 1,50,000, வட்டி பாக்கியில் 9,000 அடிபடும். அன்று புதிதாகச் செலவு எதுவும் எழுதவேண்டாம், ஏனென்றால் அந்த 9,000 மாதாமாதம் ஏற்கெனவே செலவில் வந்துவிட்டது. இந்தக் கடனால் உங்களுக்கு ஆன செலவு அதுவும் கட்டணமும்தான்.

வருடம் முடிந்து, 18,000 வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்தால், கடன் பாக்கி அதே 1,50,000-இல் நிற்கும். அந்த வட்டியைக் கட்டவே வேறொருவரிடம் கைமாற்று வாங்கியிருந்தால் அதற்கும் தனிப் பக்கம் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் மொத்தக் கடன் 1,68,000 ஆகியிருப்பது தெரியும்.

படி 5: நகை கைக்கு வரும் நாள்

முழுவதும் கட்டிய அன்றே, அல்லது அதிகபட்சம் 7 வேலைநாளுக்குள் நகையைத் தரவேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அங்கேயே எடை போடச் சொல்லி, சான்றில் உள்ள 24 கிராமோடு ஒப்பிட்டபின் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் 'அடகில்' என்பதை அடித்துவிட்டு மறுபடி 'பீரோவில்' என்று எழுதலாம்.