கிளியா, கிழியா? பாடம் பதிவு செய்ய ரிங் லைட், முக்காலி, மைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்து பாடம் பதிவு செய்யத் தொடங்கும் ஆசிரியர்களில் பலர் முதலில் ரிங் லைட்டை வாங்குகிறார்கள். அதன் நடுவில் இருக்கும் பிடியிலேயே கைத்தொலைபேசியை மாட்டிவிடுகிறார்கள். மைக் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது, அதுவும் பணம் மிஞ்சினால். முதல் தவறு இந்த வரிசைதான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பிள்ளை பாடத்தைக் கவனிக்கும். ‘கிளி’ என்று சொன்னது ‘கிழி’ என்று காதில் விழுந்தால் பாடமே தவறாகிவிடும். கையில் 150 வெள்ளி இருந்தால் பாதியை மைக்குக்கு ஒதுக்குங்கள். மீதியில் விளக்கும் முக்காலியும் வரட்டும்.

எடுத்துக்காட்டாக, வீவக வீட்டின் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், தரையில் பளபளப்பான ஓடு, கான்கிரீட் சுவர், ஒரு பக்கம் கண்ணாடிச் சன்னல். ஆசிரியர் மூக்குக்கண்ணாடி அணிபவர். தொடக்கநிலை 4 மாணவர்களுக்கு ல, ள, ழ வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்து, தாளில் எழுதியும் காட்டப் போகிறார்.

மைக்: விலையைவிட தூரம் முக்கியம்

கைத்தொலைபேசியை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, அதன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்தால் குரல் ‘கிணற்றுக்குள்ளிருந்து’ வருவதுபோல் கேட்கும். மைக்குக்கு நம் வாயிலிருந்து நேராக வரும் ஒலியோடு, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் சேர்ந்து போவதுதான் காரணம். ‘மணம்’ என்ற சொல்லில் ண் ஒலி கண்சிமிட்டும் நேரம்தான் நீடிக்கிறது. அதற்கு முன்னால் வரும் உயிரொலியின் எதிரொலி அதன்மேல் படிந்துவிட்டால், மாணவருக்கு அது ‘மணம்’ஆ ‘மனம்’ஆ என்று பிரித்தறிய முடியாது. ழகரமும் ளகரமும் குழம்புவதும் இப்படித்தான்.

மைக்கை ஒரு மீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் தூரம் ஐந்தில் ஒரு பங்காகிறது. நேராக வரும் ஒலியின் வலு 25 மடங்காகிறது. அறையின் எதிரொலி மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். அதனால்தான் சட்டையில் மாட்டும் சாதாரணக் கம்பி மைக், மேசையின் மறுகோடியில் நிற்கும் விலையுயர்ந்த மைக்கைவிடத் தெளிவாக ஒலிக்கிறது. மேசையில் வைக்கும் பெரிய மைக் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்கி, படத்தில் தெரியக்கூடாது என்று 70 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது வீண்செலவு. அது போதாதென்று, தாளில் எழுதும்போது மேசை அதிரும் ஒலியும் அதில் ஏறிவிடும்.

மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்டுவது நல்லது. சேலை கட்டியிருந்தால் தோள் மடிப்பில் மாட்டத் தோன்றும். ஆனால் தலையை மறுபக்கம் திருப்பும்போதெல்லாம் குரல் இறங்கும், மடிப்பும் மைக்கில் உரசிச் சரசரக்கும். ரவிக்கையின் கழுத்து விளிம்பு அதைவிட நல்ல இடம். கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டினால் அதைப் பதிவு முடியும்வரை கழற்றி வையுங்கள் அல்லது உள்ளே தள்ளிவிடுங்கள். கம்பியைக் கவ்விக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுற்றி நாடாவால் ஒட்டினால், கை அசையும்போது ஏற்படும் இழுப்பு மைக் வரை போகாது.

வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கானது. மூன்று வளையம் இருந்தால் கைத்தொலைபேசிக்கானது. இது தெரியாமல் வாங்கினால் தொலைபேசி அந்த மைக்கைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சோதிப்பது எளிது: பதிவு ஓடும்போது மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது அந்தச் சுரண்டல் பெரிதாக ஒலிக்கவில்லை என்றால் மைக் வேலை செய்யவில்லை. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத தொலைபேசியாக இருந்தால், அதன் மின்னேற்றத் துளைக்குப் பொருந்தும் முனையோடு, பெரும்பாலும் யுஎஸ்பி-சி, வரும் மைக்கையே வாங்கிவிடுங்கள்.

கம்பியில்லா மைக் வசதியானதுதான். ஆனால் புளூடூத் காதணிக் கருவியின் மைக்கைப் பாடப் பதிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். பேச்சு முறைக்கு மாறியதும் அது ஒலியின் மேற்பகுதியை வெட்டிவிடுவதால், குரல் தொலைபேசி அழைப்புபோல் ஆகிவிடும். தனி ஏற்பியோடு வரும் கம்பியில்லா மைக்கில் அந்தக் குறை இல்லை. அதில் இரைச்சலைக் குறைக்கும் பொத்தான் இருந்தால் அணைத்து வைப்பதே நல்லது. அது மின்விசிறி ஒலியோடு சேர்த்துச் சொற்களின் மெல்லிய முடிவுகளையும் தின்றுவிடுகிறது.

அறையையும் ஏமாற்ற முடியாது. அமைதியாக இருக்கிறதே என்று வீட்டின் புகலிட அறைக்குள் போய்ப் பதிவு செய்வது மிக மோசமான தேர்வு. நான்கு பக்கமும் கான்கிரீட், இரும்புக் கதவு, எதிரொலிக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்தபடி படுக்கையறையில் உட்காருங்கள். குளிர்சாதனத்தைப் பதிவுக்கு முன் ஓடவிட்டு, ஆறு நிமிடப் பகுதி ஒன்றைப் பேசும்போது நிறுத்திவையுங்கள். நிறுத்தாவிட்டால், நீங்கள் மூச்சுவிடும் ஒவ்வோர் இடைவெளியிலும் தொலைபேசி தானாக ஒலியை உயர்த்தி அந்த ‘ஊ’ என்ற இரைச்சலை மேலே கொண்டுவரும்.

ரிங் லைட்: வளையத்தின் நடுவில் தொலைபேசி இருக்கவேண்டியதில்லை

அந்தப் பிடி நடுவில் இருப்பதால் தொலைபேசி அங்கேதான் இருக்கவேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். கண்ணாடி அணிந்த ஆசிரியருக்கு அதுவே வினையாகிறது. இரண்டு கண்ணாடியிலும் வெள்ளை வளையம் விழுந்து, கண்கள் மறைந்துவிடும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். எனவே விளக்கைக் கேமராவுக்கு ஒரு பக்கமாக 45 பாகை தள்ளி, கண் மட்டத்துக்கு மேலே உயர்த்தி, முகத்தை நோக்கிக் கீழே சாயுங்கள். பிரதிபலிப்பு கேமராவைத் தாண்டிப் போய்விடும். பிறகும் சற்றுத் தெரிந்தால், கண்ணாடியின் காம்புகளைக் காதுக்கு மேலே அரை சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் போதும். பளபளக்கும் வெண்பலகையும் பிளாஸ்டிக் உறையிட்ட சொல் அட்டைகளும் கண்ணாடியைப் போலவே நடந்துகொள்ளும்.

10 அங்குல விளக்கு 60 சென்டிமீட்டர் தூரத்தில் நன்றாக வேலை செய்யும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் ஒளி ஆறில் ஒரு பங்காகக் குறைவதோடு, வளையம் சிறு புள்ளிபோல் ஆகி முகத்தில் கடினமான நிழல்களைப் போடும். நின்றுகொண்டு பலகையில் எழுதுபவருக்கு 18 அங்குலம் தேவை. உட்கார்ந்து கற்பிப்பவருக்குச் சிறியதே போதும்.

மின்சாரத்திலும் ஒரு தவறு நடக்கிறது. யுஎஸ்பி விளக்குகள் பல 5 வோல்ட், 2 ஆம்பியர் கேட்கும். மடிக்கணினியின் பழைய யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும், விளக்கு மங்கும் அல்லது துடிக்கும். சேஃப்டி மார்க் உள்ள மூன்று முள் அடாப்டரில் செருகுங்கள். இணையத்தில் வாங்கியதோடு இரண்டு முள் அடாப்டர் வந்திருந்தால் அதை ஓரம் வைத்துவிடுங்கள்.

ஒளியைக் குறைக்கும்போது படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். விளக்கை மிகக் குறைந்த ஒளியில் வைத்து, தொலைபேசியின் மெதுவியக்கப் பதிவில் பத்து வினாடி எடுங்கள். பட்டைகள் நகர்ந்தால் அந்த விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று பொருள், வேறொன்றைப் பாருங்கள். கூரை விளக்குக்குக் கீழே மின்விசிறி சுழலும் அறைகளில், விசிறியின் இறக்கைகள் ஒளியை வெட்டுவதாலும் படம் துடிக்கும். விளக்கு நல்லதாக இருந்தும் துடிப்பு நிற்கவில்லை என்றால் கூரை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

முக்காலி

மேசைமேல் வைக்கும் குட்டி முக்காலி கேமராவை முகவாய்க்குக் கீழே நிறுத்தும். படத்தில் மூக்குத் துளைகளும் கூரை மின்விசிறியும் தெரியும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 115 முதல் 120 சென்டிமீட்டர். தரையில் நிற்கும் முக்காலி, நடுத்தண்டை நீட்டாமலேயே அந்த உயரத்தை எட்டவேண்டும். நடுத்தண்டை முழுதாக நீட்டினால் ஆடத் தொடங்கும். தரையில் நிற்பதால் எழுதும்போது மேசை அதிர்ந்தாலும் படம் ஆடாது.

எழுதுவதைக் காட்ட மேலிருந்து பார்க்கும் கோணம் வேண்டும். அதற்குக் குறுக்குக் கை உள்ள தாங்கி தேவை. ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால், சாதாரணத் தொலைபேசிக் கேமராவை 40 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் முழுத் தாளும் ஓரத்தோடு அடங்கும். தொலைபேசியும் பிடியும் சேர்ந்து 300 கிராம், கை 50 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது என்றால், எதிர்ப்பக்கம் 15 சென்டிமீட்டரில் ஒரு கிலோ தொங்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி அந்த எடைதான். முக்காலியின் ஒரு கால் கட்டாயம் குறுக்குக் கையின் நேர்கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் கை தட்டிய கணத்தில் தொலைபேசி தாளின்மேல் விழும்.

வலக்கைக்காரர் விளக்கை இடப்பக்கம் தாழ்வாக வைத்தால், எழுதும் எழுத்தின்மேல் கைநிழல் விழாது. தொலைபேசியைக் கீழ்நோக்கிக் கவிழ்த்ததும் படம் தலைகீழாக வருவது பலரையும் குழப்பும். தொலைபேசியைப் படுக்கைவாட்டில் நிமிர்த்திப் பிடித்து, பதிவைத் தொடங்கிய பின் கவிழ்த்து மாட்டினால் திசை மாறாது. ஐஃபோனில் தாளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் திரையில் AE/AF LOCK என்று வரும். அதன் பிறகு கை உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் தாளின் வெளிச்சம் ஏறி இறங்காது.

எல்லாம் மாட்டியபின் பத்துச் சொற்களைப் படித்து 30 வினாடி பதிவு செய்யுங்கள்: வலி, வளி, வழி, கிளி, கிழி, கிலி, மனம், மணம், மரம், மறம். எழுத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் ஒரு மாணவருக்கு அனுப்பி, கேட்டு எழுதச் சொல்லுங்கள். மூன்று சொற்களுக்குமேல் தவறினால் மைக்கை மாற்ற ஓடவேண்டாம். அதை இன்னும் ஐந்து சென்டிமீட்டர் மேலே நகர்த்தி, அலமாரிக் கதவை அகலத் திறந்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள்.