கருவாட்டு உறையில் பார்கோடுக்கு இடம் விடும்போது நேரும் தவறுகள்

மண்டபம் ஊரில் நெத்திலிக் கருவாட்டை 100 கிராம் பவுச்சுகளில் அடைத்து விற்கும் மகளிர் குழு ஒன்று, உறையின் இரு பக்கங்களையும் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியில் உருவாக்கிக்கொண்டு என்னிடம் அச்சு வேலைக்கு வந்தது. படகும் கடலும் அழகாகவே அமைந்திருந்தன. பின்பக்க மூலையில் கருவி தானாகவே சேர்த்திருந்த பார்கோடும் பார்வைக்குக் குறையற்றதாகத்தான் தெரிந்தது. ஆனால் அதன் கீழிருந்த இலக்கங்களை எண்ணினால், 13 இருக்க வேண்டிய இடத்தில் 14 இருந்தன.

முதல் தவறு, அந்தக் கோடுகளை நம்புவது. கடைகளில் பயன்படும் EAN-13 பார்கோடு 95 சம அலகுகளால் ஆனது. ஒவ்வொரு கோட்டின் அகலமும் எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது, கடைசி இலக்கம் முந்தைய 12 இலக்கங்களைச் சரிபார்க்கிறது. படக் கருவி இந்தக் கணக்கு எதையும் செய்வதில்லை. கோடுகளைப் போன்ற ஒன்றை வரைகிறது. க்யூஆர் கோடிலும் மூலைகளின் மூன்று சதுரங்கள் சரியாக அமைந்துவிடும், உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கோ பொருளே இராது.

சரியான பார்கோடைப் படத்தில் ஒட்டி, அதை மீண்டும் கருவியிடம் கொடுத்து மெருகேற்றச் சொல்வது இரண்டாவது தவறு. கருவி அதையும் புதிதாக வரைந்துவிடும். 1024 பிக்சல் அகலமுள்ள படம் 120 மி.மீ. உறையில் அச்சாகும்போது, 0.33 மி.மீ. அலகு ஒன்றுக்கு மூன்று பிக்சல்கூடக் கிடைப்பதில்லை என்பதால், கோடுகளின் விளிம்புகளும் மங்கிவிடும். ஆகவே பார்கோடு எண்களை வழங்கும் GS1 இந்தியா அமைப்பிடம் பெற்ற எண்ணைக் கொண்டு, பார்கோடை எந்த அளவிலும் விளிம்பு மங்காத வெக்டர் கோப்பாகத் தனியே உருவாக்கி, பக்க வடிவமைப்பு மென்பொருளில் படத்தின் மேல் வைக்க வேண்டும். "இங்கே வெள்ளைக் கட்டம் விடு" என்று கருவியிடம் எழுதினாலும் அது அங்கே ஏதாவது வரைந்து வைக்கும் என்பதால், கட்டத்தையும் நாமே போட்டுவிடுவது நல்லது.

அந்தக் கட்டத்தைக் கோடுகளின் அளவுக்கே வெட்டுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. கோடுகளின் இடப்புறம் 11 அலகுகளும் வலப்புறம் 7 அலகுகளும் வெறுமையாக இருந்தால்தான் ஸ்கேனர் தொடக்கத்தையும் முடிவையும் அறியும். இவற்றையும் சேர்த்தால் வழக்கமான அளவு 37.29 × 25.93 மி.மீ.; இடம் போதாவிட்டால் அந்த அளவின் 80 விழுக்காடாகும் வரை சிறிதாக்கலாம். க்யூஆர் கோடைச் சுற்றி நான்கு பக்கமும் அதன் சிறு கட்டப் புள்ளிகள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும்.

இந்தக் குழுவின் பவுச்சில் கருவாடு தெரிவதற்காகப் பின்பக்கம் ஒளி ஊடுருவும்படி விடப்பட்டிருந்தது. கட்டத்துக்கு அடியில் வெள்ளை மை இல்லாவிட்டால் ஸ்கேனர் கோடுகளுக்கு நடுவே மீனைத்தான் பார்க்கும். எனவே 40 × 28 மி.மீ. வெள்ளைக் கட்டத்தை, வெப்பத்தில் ஒட்டும் விளிம்பிலிருந்து தள்ளி, மடிப்பு விழாத இடத்தில் அமைத்தோம். படகின் பின்பாதி அதனடியில் மறைந்தது. அதே பிலிமில் உண்மை அளவில் மாதிரி அடித்து, கருவாடு நிரப்பி, கடை ஸ்கேனரில் காட்டிய பிறகே முழு அச்சுக்கு அனுப்பினேன்.