ஜப்பானிய நண்பருக்கு இரங்கல் செய்தி: தமிழில் எழுதி ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோவது எப்படி

எங்கள் ஜப்பான் அலுவலகக் குழுத் தலைவரின் அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு காலையில் தகவல் வந்தது. நான்கு வருடமாகத் தினமும் பேசும் மனிதர். ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பிவிட்டு உட்கார மனம் வரவில்லை. துக்கம் எனக்குத் தமிழில்தான் வரும். அதனால் முதலில் தமிழில் எழுதினேன்:

"தங்கள் தந்தையார் காலமான செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறேன். இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவரது ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன். தங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். தைரியமாக இருங்கள்."

நம் ஊரில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகராதியை வைத்து வரிவரியாக மாற்றி, அனுப்பும் முன் என் ஜப்பானிய ஆசிரியையிடம் காட்டினேன். ஐந்து வாக்கியங்களில் நான்கை எடுத்துவிடச் சொன்னார். இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால், படிக்கும் மகனுக்கு அந்த வரிகள் ஆறுதலாக இருக்காது என்றார்.

கணினியிலோ ஃபோனிலோ ஜப்பானிய விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது, ஹிரகானா தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: இறந்தவரைக் குறிக்கும் சொல்

தமிழில் 'செத்தார்' என்று எழுதாமல் 'காலமானார்' என்கிறோமே, அதே கதைதான் அங்கும். பிறர் வீட்டு மரணத்துக்கு மரியாதைச் சொல் 'கோ-செய்க்யோ'. அவருடைய அப்பா 'ஓதோ-சாமா'. வெறும் 'சிசி' என்றால் என் அப்பா என்று ஆகிவிடும். 'உங்கள்' என்பதற்கு அகராதி காட்டும் 'அனாத்தா'வைத் தொடவே வேண்டாம். மூத்தவரிடம் அது மரியாதைக் குறைவு; 'சாமா' சேர்ந்ததுமே யாருடைய அப்பா என்று புரிந்துவிடும்.

```
お父様のご逝去
```

படி 2: 'ஈடுசெய்ய முடியாத இழப்பு'

'இழப்பு' என்று தேடினால் 'சொன்ஷிட்சு' என்ற சொல் வரும். அது பெரும்பாலும் கணக்கில் வரும் நஷ்டம். பெரிய மனிதர்கள் மறைந்தால் அவர்கள் துறைக்குப் பேரிழப்பு என்று சொல்ல அதைப் பயன்படுத்துவது உண்டு. அப்பாவைப் பறிகொடுத்த மகனிடம் சொல்லும் சொல் அல்ல. இந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள். ஜப்பானிய இரங்கலில் இழப்பின் அளவை வெளியாள் சொல்வதில்லை. 'துயரத்தில் பங்குகொள்கிறேன்' என்பதும் அப்படித்தான். உங்கள் வேதனை எனக்கும் தெரியும் என்று நாமாகச் சொல்லிக்கொள்வதுபோல் ஆகிவிடும். அதற்குப் பதில், 'கடினமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்' என்று சற்றுத் தள்ளி நின்று சொல்வார்கள்:

```
お辛いことと存じますが
```

படி 3: 'தைரியமாக இருங்கள்'

நான் சறுக்கி விழுந்தது இங்கேதான். நம் வீடுகளில் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லும் வார்த்தை இது, சொல்லாவிட்டால்தான் குறை. அதை நான் 'கம்பத்தே குதாசாய்' என்று எழுதியிருந்தேன். 'விடாமல் முயலுங்கள்' என்று பரீட்சைக்கும் போட்டிக்கும் போகிறவர்களிடம் சொல்வது அது. "இப்போது அவர் எதற்கும் முயல வேண்டாம், அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கட்டும்" என்றார் ஆசிரியை. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நம் மொழியில் அன்பு 'எழுந்து நில்' என்கிறது. அங்கே அதே அன்பு 'சிரமப்படுத்திக்கொள்ளாதே' என்று வருகிறது. ஆகவே:

```
どうかご無理なさらず、ご自愛ください。
```

'தயவுசெய்து உங்களை வருத்திக்கொள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொருள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரணக் கடிதங்களில் 'ஜிஆய்' சொல்லுக்கு முன்னால் 'குரேகுரேமோ' போட்டு எழுதிப் பழகியிருப்போம்; விரல் தானாக அடித்துவிடும். இரங்கலில் அது கூடாது. ஒரே ஒலி இரண்டு முறை வரும் சொற்களையும், 'மறுபடியும்', 'தொடரும்' என்று பொருள்படும் சொற்களையும், துக்கம் திரும்பவும் வரும் என்பதற்கு அறிகுறி என்று ஒதுக்குவார்கள். கீழே உள்ளவை உங்கள் செய்தியில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்து நீக்குங்கள்:

```
くれぐれも  重ね重ね  たびたび  再び  続く
```

தமிழில் 'மிக மிக', 'மீண்டும் மீண்டும்' என்று எழுதியிருந்தால் அதையும் மூலத்திலேயே அடித்துவிடுங்கள். அப்புறம் மொழிபெயர்க்கும்போது கை அந்தப் பக்கம் போகாது.

படி 4: 'ஆன்மா சாந்தியடைய'

இதற்கு இணையாகப் பலரும் சொல்வது 'கோ-மேய்ஃபுகு'. மறு உலகில் இறந்தவர் நலமாக இருக்கட்டும் என்ற பௌத்த வழி வேண்டுதல். ஆனால் ஜப்பானில் பெரிய பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான ஜோதோ ஷின்ஷூவைச் சேர்ந்தவர்கள், இறந்தவர் உடனே 'தூய நிலம்' என்னும் புத்தரின் உலகில் பிறந்துவிடுகிறார் என்று நம்புகிறார்கள். அவர்களுக்கு இந்த வேண்டுதல் பொருந்தாது. ஷிந்தோ, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பொருந்தாது. என் தலைவர் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் கேட்கவும் கூடாது. அதனால் ஆன்மாவைப் பற்றிய வரியை விட்டுவிட்டு, வீட்டாருக்கு இரங்கல் சொல்லும் வாக்கியத்தை மட்டும் வைத்தேன்.

எல்லாம் சேர்ந்து கடைசியில் அனுப்பியது இது:

```
このたびはお父様のご逝去の報に接し、
心よりお悔やみ申し上げます。
お辛いことと存じますが、
どうかご無理なさらず、ご自愛ください。
なお、ご返信には及びません。
```

திரும்பத் தமிழில் சொன்னால்: 'தங்கள் தந்தையார் மறைந்த செய்தி அறிந்து, மனதார இரங்கல் தெரிவிக்கிறேன். கடினமான நேரமாக இருக்கும். தங்களை வருத்திக்கொள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டியதில்லை.' கடைசி வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஈமக் காரியங்களுக்கு நடுவே அவர் எனக்குப் பதில் எழுத உட்காரக் கூடாது.

அலுவலக மின்னஞ்சல் என்றால் வழக்கமான 'ஒசெவானி நத்தே ஒரிமாஸ்' தொடக்கம், வானிலை விசாரிப்பு எதுவும் வேண்டாம். நேராகச் செய்திக்குப் போங்கள். எப்படி இறந்தார் என்று கேட்க வேண்டாம். அதே செய்தியில் வேலை பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

சரிபார்க்க நான் நம்புவது தனிச்சொல் அகராதியை அல்ல. முழுத் தொடரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவேன். இரங்கல் கடித மாதிரிகள் வந்தால் சரி. பங்குச் சந்தைச் செய்தி வந்தால் சொல் தவறு. சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்க மட்டும் jisho.org போதும்.

பின்சேர்க்கை 1: இறந்தவர் கிறிஸ்தவர் என்று உறுதியாகத் தெரியும், அப்போதும் இரண்டாம் வரியில் இரங்கலைக் குறிக்கும் 'ஓகுயாமி' சரியா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். மரணம் இறைவனிடம் போவது என்று நம்பும் வீட்டில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது என்பார்கள். இரண்டாம் வரியை இப்படி மாற்றி, முதல் வரியைக் கமாவுக்குப் பதில் முற்றுப்புள்ளி இருக்கும்படி தனி வாக்கியமாக எழுதுங்கள்:

```
お父様のご逝去を知りました。
安らかな眠りをお祈りいたします。
```

அமைதியான உறக்கத்துக்காக வேண்டுகிறேன் என்று அர்த்தம். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சிடுவதற்கு மிக நெருக்கமாக வருகிறது.

பின்சேர்க்கை 2: கல்லூரித் தோழிக்கு அனுப்ப இது ரொம்ப விறைப்பாக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சம வயது நெருக்கம் என்றால் இவ்வளவு போதும்:

```
お父さんのこと、聞きました。
心からお悔やみ申し上げます。
どうか無理しないでね。返信は気にしないで。
```

பின்சேர்க்கை 3: மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது என்றால் பேசாமல் இருந்துவிட வேண்டாம். முதல் இரண்டு வரிக்குப் பதிலாக இதை வையுங்கள். தெரியாமல் போனதற்கும் தாமதத்துக்கும் மன்னிப்பு இதிலேயே வந்துவிடும். மீதியை மாற்ற வேண்டியதில்லை.

```
お父様のご逝去を存じ上げず、
お悔やみが遅れましたこと、お詫び申し上げます。
```