லண்டனில் வயிறு கலங்கினால்: லோபரமைட் யாருக்கு, யாருக்கு வேண்டாம்

வந்த புதிதில் தண்ணீர், சாப்பாடு, நேரம் எல்லாம் மாறுவதால் வயிறு ஒருநாளாவது கலங்கிவிடும். பிரிட்டனில் இதற்கு எல்லோரும் முதலில் கைநீட்டுவது லோபரமைட். இமோடியம் என்ற பெயரில் விற்பதும் இதுதான். மருந்துச்சீட்டு இல்லாமலே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது, கடையின் சொந்தப் பெயரில் வருவது விலை குறைவு, மருந்து ஒன்றே. கடையில் ‘பேதி மாத்திரை’ என்று ஊர்ப்பழக்கத்தில் நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நமக்கு அது பேதி போக வைக்கும் மாத்திரை, இங்கே வேண்டியது பேதியை நிறுத்துவது.

இது கிருமியைக் கொல்லாது. குடலின் அசைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது கொஞ்ச நேரம் தங்குவதால் உடம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, போவது குறைகிறது. யார் தவிர்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும்: வெளியே போக வேண்டிய விஷம் உள்ளே இருக்கும்போது கதவை அடைத்துவிடக் கூடாது.

சரி, ஒரு சாதாரண நிலைமை. ராத்திரி வெளியே சாப்பிட்டீர்கள், விடிவதற்குள் ஐந்து முறை போய்விட்டது, காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, வயது பதினெட்டைத் தாண்டிவிட்டது. காலை எட்டு மணிக்கு இரண்டு கேப்சூல் (ஒன்று 2 மில்லிகிராம்). அப்புறம் தண்ணீராகப் போகும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. 24 மணி நேரத்தில் மொத்தம் ஆறுக்கு மேல் கூடாது, பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதும் இதுவே. நிற்கவில்லை என்று ஏழாவது எட்டாவது போடாதீர்கள். அளவுக்கு மிக மீறிப் போட்டவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. போவது நின்றால் மாத்திரையையும் நிறுத்துங்கள். 48 மணி நேரமாகியும் நிற்காவிட்டால் மாத்திரையை விட்டுவிட்டு ஆலோசனை கேளுங்கள்.

மாத்திரையை விட முக்கியம் போன தண்ணீரை ஈடுகட்டுவது. டயோரலைட் என்ற ஓஆர்எஸ் பொடி ஒரு பொட்டலத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, வாந்தி வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுங்கள். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், நம்மூர் ஓஆர்எஸ் பொட்டலம் பெரும்பாலும் ஒரு லிட்டருக்கானது என்பதால் வரும் பழக்கம். இங்கே அளவு வேறு. உப்புப் போட்ட கஞ்சியும் குடிக்கலாம். நின்று இரண்டு நாள் ஆகும் வரை வேலைக்குப் போக வேண்டாம், உணவகத்தில் வேலை என்றால் கண்டிப்பாக.

இனி, தொடவே கூடாத நிலைமைகள். மலத்தில் ரத்தமோ சளியோ இருந்தால், நல்ல காய்ச்சல் இருந்தால் லோபரமைட் வேண்டாம். ஊரிலிருந்து வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு பேதி என்றால் டைஃபாய்டாகவும் இருக்கலாம், ‘இந்தியாவிலிருந்து வந்தேன்’, ‘இலங்கையிலிருந்து வந்தேன்’ என்று மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அதன் பிறகு பேதி தொடங்கியிருந்தாலும் வேண்டாம், அது வேறு வகைக் குடல் தொற்றாக இருக்கக்கூடும். பெருங்குடல் புண் முற்றியவர்கள், வயிறு உப்பிப் போய் மலச்சிக்கல் இருப்பவர்களும் கூடாது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் இருப்பவர்கள், இதயத்துடிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் பார்மசிஸ்டைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கூடாது. பச்சிளம் குழந்தைக்குக் குடல் அசைவே நின்றுபோய் வயிறு வீங்கி ஆபத்தாகிவிடும். பெரியவரின் கேப்சூலைப் பாதியாக்கிக் கொடுப்பது கொடுமையான தவறு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவையும் கவனியுங்கள். மெட்ஃபார்மினோ சில ரத்த அழுத்த மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். அந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றைக்கே பார்மசியிலோ, என்எச்எஸ் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 111இலோ கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

111 இலவசம், 24 மணி நேரமும் உண்டு. ஆங்கிலம் தடுமாறினால் ‘தமிழ் இன்டர்ப்ரிட்டர்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ரத்தம் கலந்த பேதி, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, எவ்வளவு குடித்தாலும் சிறுநீர் குறைந்து கறுத்துப் போவது, எழுந்தால் தலை சுற்றுவது, குழந்தையின் நாப்பி வழக்கத்தை விடக் காய்ந்தே இருப்பது, அழும்போது கண்ணீர் வராதது எல்லாம் உடனே அழைக்க வேண்டியவை. பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி, தாங்க முடியாத வயிற்று வலி, சுயநினைவு மங்குவது என்றால் 111 வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள் அல்லது நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவான ஏ அண்ட் ஈக்குப் போங்கள். போகும்போது எத்தனை கேப்சூல், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், மருத்துவர் கேட்பது அதைத்தான்.