ஐந்து நட்சத்திரத்தை நம்பும் முன் தேதியைப் பாருங்கள்

போன மாதம் அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு மிக்ஸி தேடினேன். ஒன்றுக்கு 4.6 நட்சத்திரம், புகழ்ச்சி மழை. விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து நட்சத்திர விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரே வாரத்தில் வந்தவை. எல்லாம் "சூப்பர் பொருள், பணத்துக்கு ஏற்ற தரம்" ரகம். தேங்காய் சட்னி எப்படி அரைந்தது, ஜார் மூடி கசிந்ததா என்று ஒருவர்கூட எழுதவில்லை. இன்னும் கீழே போனால், பழைய விமர்சனங்கள் மொபைல் கவரைப் பற்றிப் பேசின! வேறு பொருளின் பக்கத்தையே மாற்றி, அதன் நட்சத்திரங்களை மிக்ஸிக்குச் சேர்த்திருக்கிறார்கள்.

'வாங்கியவர்' என்ற முத்திரை இருந்தால் சரி என்று நினைக்க வேண்டாம். சில விற்பனையாளர்கள் பொருளை வாங்கச் சொல்லி, நல்ல விமர்சனம் வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். முத்திரை உண்மை, கருத்து விலைக்கு வாங்கியது. பெட்டிக்குள் "5 நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் கேஷ்பேக்" என்று அட்டை வந்ததாக யாராவது ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருப்பார்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம் மூன்று நட்சத்திரக்காரர்கள் சொல்வதைப் படிப்பேன். நிறையும் குறையும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கும்.