16 மணி நேரம் என்று போட்ட கப்பல் வேலை ஏன் 22 மணி நேரம் இழுக்கிறது?

கன்டெய்னர் டெர்மினலில் எந்தக் கப்பல் எப்போது கரையில் நிற்கும் என்ற பெர்த் பிளான் போட உட்காரும் புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒரே வகுத்தல் கணக்குதான். கப்பலில் ஏற்றி இறக்க வேண்டியது 1,600 பெட்டி, கொடுக்கப்போவது 4 கிரேன், ஒரு கிரேன் மணிக்கு 25 பெட்டி தூக்கும். ஆக 16 மணி நேரம். நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் போட்டேன். கணக்கில் பிழை இல்லை, ஆனால் கப்பல் அப்படிக் கிளம்பாது.

காரணம், அந்த 1,600 பெட்டியும் கப்பல் முழுக்க ஒரே சீராகப் பரவி இருப்பதில்லை. கப்பலின் நீளவாக்கில் பெட்டிகள் நிற்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு பே. இந்தக் கப்பலில் 30ஆம் பேயிலும் அதை ஒட்டிய 34ஆம் பேயிலும் மட்டும் 560 பெட்டி வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (நாற்பதடிப் பெட்டிக்கான பேய்களுக்கு 02, 06, 10 என்று நான்கு நான்காகத்தான் எண் ஏறும். அதனால் 30க்குப் பக்கத்து பே 34.) கிரேனின் கால்கள் அகலமானவை. இரண்டு கிரேன் அடுத்தடுத்த பேயில் நிற்க முடியாது, நடுவில் ஒரு பேயாவது விட்டாக வேண்டும். ஆக அந்த 560 பெட்டியையும் ஒரே நேரத்தில் ஒரு கிரேன்தான் தொட முடியும். 560ஐ 25ஆல் வகுத்தால் 22 மணி 24 நிமிடம். மற்ற மூன்று கிரேனும் மீதி 1,040 பெட்டியை ஏறக்குறைய 14 மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். இந்தத் தனி கிரேனைத்தான் லாங் கிரேன் என்கிறோம். கப்பல் கிளம்பும் நேரத்தை முடிவு செய்வது அதுதான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, நேரம் இழுக்கிறதே என்று ஐந்தாவது கிரேனைக் கொண்டுவந்து நிறுத்துவது. 1,600ஐ 560ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றுகூட வரவில்லை. அதாவது இந்தக் கப்பலால் சராசரியாக மூன்று கிரேனுக்கு மேல் வேலை கொடுக்கவே முடியாது. ஐந்தாவது கிரேன் பக்கத்து பெர்த்தில் இருந்தால் அந்தக் கப்பலாவது சீக்கிரம் முடியும்.

உண்மையான தீர்வு கப்பல் வருவதற்கு முன்பே இருக்கிறது. பே பிளான் கைக்கு வந்ததும் பே வாரியாகக் கூட்டிப் பார்த்து, லாங் கிரேன் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த 560இல் 240 பெட்டி நாம் ஏற்றப்போவது என்றால், பாதியை வேறு பேய்க்கு மாற்ற முடியுமா என்று கப்பல் கம்பெனியின் பிளானரிடம் கேளுங்கள். எடையும் அடுத்த துறைமுக வரிசையும் இடம் கொடுத்தால் அவர் ஒத்துக்கொள்வார். 120 பெட்டி நகர்ந்தாலே 17 மணி 36 நிமிடத்துக்கு இறங்கிவிடும். இறங்க வேண்டிய பெட்டிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அவை முந்தைய துறைமுகங்களிலேயே உட்கார்ந்துவிட்டன.

மாற்ற முடியவில்லையா? சரி, கப்பலைக் கரையில் கட்டியதும் முதலில் வேலை தொடங்க வேண்டியது லாங் கிரேன்தான். பக்கத்துக் கப்பலை முடித்துவிட்டு வரட்டும் என்று அதை இரண்டு மணி நேரம் தாமதித்தால், கப்பலும் அதே இரண்டு மணி நேரம் தாமதமாகும். ஷிப்ட் மாறும்போதும் அங்கே ஆள் மாறலாம், கிரேன் நிற்கக்கூடாது.

அடுத்த தவறு யார்டில். லாங் கிரேனில் ஏற்ற வேண்டிய பெட்டிகளை எல்லாம் தேட வசதியாக ஒரே பிளாக்கில் அடுக்கிவிடுவார்கள். கரையில் கிரேன் மணிக்கு 25 கேட்கும், அந்த பிளாக்கில் பெட்டி எடுத்துக் கொடுக்கும் ஒற்றை யார்டு கிரேனான ஆர்டிஜியால் அதில் பாதியைக் கொடுப்பதே சிரமம். பெட்டிகளை இரண்டு மூன்று பிளாக்கில் பிரித்து வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

கிரேன் வேகம் குறைந்தால் உடனே ஆபரேட்டரைக் குறை சொல்வதும் தவறு. நேராகக் கிரேன் அடியில் போய்ப் பாருங்கள். பெட்டியைப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் காலியாகத் தொங்கிக்கொண்டிருக்க, கீழே ஒரு டிரெய்லர்கூட இல்லை என்றால் கோளாறு யார்டில். டிரெய்லர்கள் நான்கைந்து வரிசை கட்டி நின்றால், ஹேட்ச் மூடி, பெட்டிகளை இழுத்துக் கட்டும் லேஷிங், அவற்றைப் பூட்டும் ட்விஸ்ட்லாக் என்று கப்பல் பக்கம் ஏதோ சிக்கியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் நிலையில் கூடுதல் டிரெய்லர் விட்டால் பிளாக் வாசலில் வரிசைதான் நீளும்.

கடைசியாக, கிரேன் நேரத்தைக் கப்பல் பெர்த்தில் நிற்கும் நேரமாக எடுத்துக்கொள்வது. கயிறு கட்டி, ஏணி இறக்கி, அனுமதி வாங்கி, லேஷிங் கழற்றிய பிறகுதான் முதல் பெட்டி எழும். கடைசிப் பெட்டிக்கு அப்புறமும் லேஷிங் முடிய வேண்டும், பைலட்டும் இழுவைப் படகும் வர வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 3 மணி நேரம் வைத்தால், நம் கப்பல் பெர்த்தை விடுவது 19ஆவது மணியில் இல்லை, 25ஐத் தாண்டித்தான். 19ஐ நம்பி அடுத்த கப்பலுக்கு நேரம் கொடுத்திருந்தால், அது எண்ணெயை எரித்துக்கொண்டு வேகமாக ஓடி வந்து வெளியே ஆறு மணி நேரத்துக்கும் மேல் நங்கூரம் போட்டு நிற்கும். லாங் கிரேன் கணக்கை முதல் நாளே போட்டு அந்தக் கேப்டனுக்குச் சரியான பைலட் நேரத்தைச் சொல்லியிருந்தால், அவர் வேகத்தைக் குறைத்து நிதானமாக வந்திருப்பார்.