மாதத்தின் நடுவே வீடு எடுத்தால், விட்டால்: வாடகையை நாள் கணக்கில் பிரிப்பது எப்படி?

இரண்டு மூன்று மாதம் ஊரில் தங்கப் போகிறவர்கள் ஓட்டலை விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு பிளாட்டை வாடகைக்கு எடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. கல்யாண வேலை, அப்பா அம்மாவின் வைத்தியம், மார்கழிக் கச்சேரி என்று காரணம் எதுவானாலும் விமான டிக்கெட் ஒன்றாம் தேதிக்குச் சரியாக அமைவதில்லை. வாடகையோ ஒன்றாம் தேதிக் கணக்கில் ஓடுகிறது. இடையில் விழும் அந்த அரைகுறை மாதங்களில்தான் பேச்சு தடிக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 28,000 ரூபாய். டிசம்பர் 20 அன்று குடி வருகிறீர்கள், பிப்ரவரி 12 அன்று காலி செய்கிறீர்கள். டிசம்பரில் 20 முதல் 31 வரை, இரு நாளையும் சேர்த்து 12 நாள். (31-இல் 20-ஐக் கழித்து 11 என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், 12 வரும்.) பிப்ரவரியிலும் 12 நாள். ஜனவரி முழு மாதம், அதில் சிக்கல் இல்லை.

நாள் வாடகையைக் கண்டுபிடிக்க, மாத வாடகையை எதனால் வகுப்பது? அந்த மாதத்தில் உண்மையில் இருக்கும் நாள்களால் வகுப்பது ஒரு வழி. டிசம்பருக்கு 31-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 10,839 ரூபாய். பிப்ரவரிக்கு 28-ஆல் வகுத்தால் நாளுக்குச் சரியாக 1,000, ஆக 12,000. இரண்டும் சேர்ந்து 22,839. எந்த மாதமானாலும் 30 நாள் என்று வைத்துக்கொள்வது இன்னொரு வழி. அப்போது இரண்டு மாதத்துக்கும் தலா 11,200, மொத்தம் 22,400. வித்தியாசம் 439 ரூபாய்தான். எந்த வழியானாலும் நியாயம்தான், ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும், அவ்வளவே.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வரும்போது "மாசம்னா முப்பது நாள்தானே சார்" என்று சொல்லி டிசம்பருக்கு 11,200 வாங்கிய வீட்டுக்காரர், போகும்போது "பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்" என்று 12,000 கேட்கலாம். மொத்தம் 23,200. நீங்களே இதைத் தலைகீழாகச் செய்து, டிசம்பருக்கு 31, பிப்ரவரிக்கு 30 என்று போட்டால் 22,039-இல் முடிந்துவிடும். அவரவர் பக்கம் சாய்கிற வகுத்தலை அவரவர் எடுப்பதால் வருகிற 1,161 ரூபாய் இது. கேட்டால் இருவருமே "நாள் கணக்குதான் போட்டேன்" என்பார்கள், அது பொய்யும் இல்லை.

ஆனால் பெரிய தொகை போவது வகுத்தலில் இல்லை, எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதில். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். அந்த மாதத்தில் புது வீட்டில் பால் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் நீங்கள் விமானம் ஏறும் முன்பே, கார்த்திகை கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, உங்கள் சார்பில் சித்தியோ அத்தையோ போய்ப் பால் காய்ச்சிவிட்டு வருவார்கள். டிசம்பர் 11 என்று வையுங்கள். அன்றைக்கே வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டால், வாடகை 11-இலிருந்தா 20-இலிருந்தா? நடுவில் இருக்கும் ஒன்பது நாளின் விலை 8,129 ரூபாய். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் இதே கதைதான், ஆடி பிறக்கும் முன் ஆனியிலேயே பால் காய்ச்சச் சொல்வார்கள்.

பொதுவாக நடக்கும் ஏற்பாடு இது: காலையில் சாவி வாங்கி, பால் காய்ச்சி, சாமி படத்தை வைத்துவிட்டு, மதியம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. வாடகை குடி வரும் நாளிலிருந்து. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ஆனால் சாவியை உங்கள் ஆட்களே வைத்துக்கொண்டு, கட்டில் இறக்குவது, நெட் கனெக்‌ஷன் வாங்குவது என்று ஆரம்பித்துவிட்டால், அந்த நாளிலிருந்து அவர் வாடகை கேட்பது நியாயமே. வீடு உங்கள் கையில் இருக்கிறதே.

போகிற பக்கத்திலும் சாவிதான் அளவுகோல். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. 12-ஆம் தேதி இரவு வீட்டைப் பூட்டி, விமானம் 13 விடியற்காலை, சாவியை மறுநாள் தம்பி கொண்டுபோய்க் கொடுப்பான் என்றால் கணக்கு 13 நாளாகும். 12 மாலையே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கடைசிச் சில மணி நேரத்தை உறவினர் வீட்டில் கழிப்பது நல்லது. காரணம் அந்த 1,000 ரூபாய் மட்டுமில்லை, நீங்கள் நேரில் நிற்கும்போதுதான் அட்வான்ஸ் கணக்கு சுலபமாக முடியும்.

சில வீட்டுக்காரர்கள் "மாசம் பொறந்தா முழு வாடகை" என்பார்கள். ஒப்பந்தத்தில் மாத வாடகை என்று மட்டும் எழுதியிருந்தால், காலி செய்யும் நேரத்தில் அவரோடு வாதாடுவது கடினம். அதனால் கையெழுத்துக்கு முன்பே இப்படி நான்கு வரி சேர்த்துவிடுங்கள்:

"வாடகை டிசம்பர் 20 முதல் தொடங்கும். முழுதாக இல்லாத மாதத்துக்கு, மாத வாடகையை அந்த மாதத்தின் நாள்களால் வகுத்து, வீடு குடியிருப்பவர் வசம் இருந்த நாள்களால் பெருக்கித் தர வேண்டும். சாவி ஒப்படைக்கும் நாளும் அதில் சேரும். மெயின்டெனன்ஸுக்கும் இதே கணக்கு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அபார்ட்மென்ட் சங்கம் வீட்டுக்காரரிடம் முழு மாத மெயின்டெனன்ஸ்தான் வாங்கும். ஆகவே பிப்ரவரிக்கு முழுத் தொகையையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். இதற்கு ஊரறிந்த வழக்கம் என்று ஒன்றும் இல்லை, முன்னால் பேசியதுதான்.

மின்சாரத்தை மட்டும் நாள் கணக்கில் பிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது, யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும். நீங்கள் குடி வரும் முன் அதே சுற்றில் பெயிண்டர்களோ பழைய குடித்தனமோ ஓட்டிய யூனிட்டும் உங்கள் பில்லில் கலந்திருக்கும். சாவி வாங்கும் நாளிலும் கொடுக்கும் நாளிலும் மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுடையது.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். நம் கணக்கில் மூன்று மாதம் 84,000. பிப்ரவரி வாடகை 12,000, மாதம் 2,800 என்ற மெயின்டெனன்ஸில் 12 நாளுக்கு 1,200, மின்சாரத்துக்கு இருவரும் ஒப்புக்கொண்ட 1,300. கழித்தால் 69,500 திரும்பி வர வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தக் கணக்கை வரிவரியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்திய வங்கிக் கணக்கு இல்லையென்றால் பணம் யார் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். பணம் வந்ததைப் போனில் பார்த்த பிறகு சாவியை நீட்டினால் போதும்.